நான்கு பிராசஸ், மூன்று வரிசை, மூன்று விடை

ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஷெட்யூலிங் புரோகிராம்கள் ஒரு படிக்கட்டு வரிசையில் வரும். முதலில் வந்ததை முதலில் ஓட்டுவது, பிறகு சின்ன வேலையை முன்னால் விடுவது, பிறகு ரவுண்ட் ராபின். இதுவரை பெரிய சிக்கல் எழுவதில்லை. ஒரே இன்புட் கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். அடுத்த படி மல்டிலெவல் ஃபீட்பேக் கியூ. அங்கே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரே இன்புட்டுக்கு வெவ்வேறு அவுட்புட் காட்டுவார்கள். இருவரின் கோடிலும் பிழை இருக்காது. கேள்வித்தாள் சொல்லாமல் விட்ட விதிகளை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் நிரப்பியிருப்பார், அவ்வளவுதான்.

சொல்லாமல் விடப்படும் அந்த விதிகளில் கனமானது கீழிறக்க விதி. ஒரு பிராசஸ் எப்போது மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குத் தள்ளப்படுகிறது, அதற்கு முன் அது தின்ற சி.பி.யூ. நேரம் எப்படிக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இந்த அல்காரிதத்தின் உயிர்நிலை. 60 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த முறையில் நடந்த திருத்தங்களில் பெரும்பாலானவை அந்தக் கணக்கைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

நம் பொறியியல் மாணவர்கள் பலருக்கு இந்த முறை அறிமுகமாவது டைனோசர் அட்டைப்படம் போட்ட சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே புத்தகத்தில். அதில் வரும் உதாரணத்துக்கு மூன்று வரிசைகள். முதல் வரிசைக்கு க்வாண்டம் 8 மில்லிவினாடி, இரண்டாவதற்கு 16, மூன்றாவதில் வந்த வரிசைப்படி ஓட்டம். புதிதாக வரும் எந்த பிராசஸும் முதல் வரிசையில்தான் நுழையும். 8 மில்லிவினாடிக்குள் முடியாவிட்டால் இரண்டாவதற்கு இறங்கும். அங்கே 16-லும் முடியாவிட்டால் மூன்றாவதற்குப் போகும். மேல் வரிசையில் ஆள் இருக்கும்வரை கீழ் வரிசைக்கு சி.பி.யூ. கிடையாது. கீழே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே புதிய பிராசஸ் வந்தால் கீழே ஓடுவது உடனே நிறுத்தப்படும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முன்கூட்டியே தெரியாது. தெரிந்தால் சின்னதை முதலில் முடித்துவிடலாம். தெரியாததால் எல்லாவற்றையும் சின்ன வேலை என்று நம்பி மேலே ஏற்றுகிறது. ஓடவிட்டுப் பார்த்து, நம்பிக்கையைக் காப்பாற்றாத பிராசஸை ஒரு படி கீழே அனுப்புகிறது. நடந்துகொண்ட விதமே அடுத்த முடிவுக்கு ஆதாரமாகிறது. பெயரில் இருக்கும் ஃபீட்பேக் இதுதான்.

இந்தப் புத்தக உதாரணத்தையே கையால் ஓட்டிப் பார்க்கலாம். நான்கு பிராசஸ்கள். க 0-ஆம் மில்லிவினாடியில் வருகிறது, அதற்கு 30 மில்லிவினாடி வேலை. ச 2-இல் வருகிறது, வேலை 6. த 10-இல், வேலை 20. ப 30-இல், வேலை 4. ஐ/ஓ எதுவும் இல்லை.

முதல் 8 மில்லிவினாடி க ஓடுகிறது. க்வாண்டம் தீர்ந்ததால் 22 மிச்சத்தோடு இரண்டாம் வரிசைக்கு இறங்குகிறது. 8 முதல் 14 வரை ச ஓடி முடிகிறது. 14 முதல் 22 வரை த தன் முதல் க்வாண்டத்தைத் தீர்த்து, 12 மிச்சத்தோடு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 22-இல் இரண்டாம் வரிசையின் தலையில் இருக்கும் க ஓடத் தொடங்குகிறது. அதற்கு 16 மில்லிவினாடி உரிமை உண்டு. அதில் 8 மட்டுமே ஓடிய நிலையில், 30-இல் ப முதல் வரிசைக்கு வருகிறது. க நிறுத்தப்படுகிறது. 34-இல் ப முடிகிறது.

இந்த 34-ஆவது மில்லிவினாடியில்தான் வகுப்பு பிரிகிறது. பாதியில் நிறுத்தப்பட்ட க எங்கே நிற்க வேண்டும்? வரிசையின் தலையிலா, வாலிலா? அதற்கு மீதமிருக்கும் 8 மில்லிவினாடி மட்டும்தானா, அல்லது புதிதாக முழு 16-உம் கிடைக்குமா? மேலே சொன்ன விதிகளில் இதற்கு விடை இல்லை.

தலையில் நிறுத்தி மீதி 8-ஐ மட்டும் கொடுத்தால், க 42 வரை ஓடி மூன்றாம் வரிசைக்கு இறங்கும். த 54-இல் முடியும், க 60-இல் முடியும். நான்கு பிராசஸ்களின் டர்ன் அரவுண்ட் நேரங்கள் முறையே 60, 12, 44, 4. சராசரி 30.

வாலுக்கு அனுப்பினால் த உடனே ஓடி 46-இல் முடிந்துவிடும், க 60-இல் முடியும். சராசரி 28. க-வுக்கு மீதி 8 கொடுத்தாலும் முழு 16 கொடுத்தாலும் இந்தச் சராசரி மாறாது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. மீதி மட்டும் என்றால் க 54-இல் மூன்றாம் வரிசைக்கு இறங்கி அங்கே முடிகிறது. முழு க்வாண்டம் என்றால் அது மூன்றாம் வரிசையை எட்டிப் பார்ப்பதே இல்லை.

தலையில் நிறுத்தி முழு 16-உம் கொடுத்தால், க தன் 14 மிச்சத்தையும் ஒரே மூச்சில் ஓட்டி 48-இல் முடித்துவிடும். த 60 வரை காத்துக் கிடக்கும். சராசரி 28.5.

ஆக நான்கு வாசிப்புகள், மூன்று விடைகள். சராசரியைப் பார்த்து எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நோக்கத்தைப் பார்த்துச் சொல்லலாம். நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் முழு க்வாண்டம் புதிதாகக் கிடைத்தால், இரண்டாம் வரிசையில் இருக்கும் ஒரு நீண்ட வேலை 16 மில்லிவினாடியைத் தொடர்ச்சியாக ஓடுவதற்குள் மேலே யாராவது வந்து நிறுத்திவிட வாய்ப்பு அதிகம். சின்ன வேலைகள் அடிக்கடி வரும் சிஸ்டத்தில் அது எத்தனை நேரம் ஓடினாலும் கீழே இறங்காது. நீண்ட வேலையைக் கண்டுபிடித்து ஒதுக்கவே உருவான அமைப்பு, கண்ணெதிரே இருக்கும் நீண்ட வேலையை அடையாளம் காணாமல் போகிறது. அதனால் மீதியைக் காப்பாற்றி வைப்பதே பொருத்தமான வாசிப்பு. தலையா வாலா என்பது அதைவிடச் சிறிய கேள்வி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்து எழுதிவைத்தால் போதும்.

க்வாண்டம் ஏன் கீழே போகப் போக இரட்டிப்பாகிறது என்பதற்கு வரலாற்றில் ஒரு திட்டவட்டமான காரணம் இருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற டைம் ஷேரிங் சிஸ்டம் 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 மெஷினில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. மார்ஜரி மெர்வின் டாகெட், ராபர்ட் டேலி ஆகியோருடன் கோர்பட்டோ 1962-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த அல்காரிதம் விவரிக்கப்பட்டது. கோர்பட்டோவுக்கு 1990-இல் டூரிங் விருது கிடைத்தது.

அந்தக் காலத்து மெமரியில் ஒரு நேரத்தில் ஒரு பயனரின் புரோகிராமுக்குத்தான் இடம். அடுத்தவர் முறை வந்தால் இருப்பதை வெளியே எழுதிவிட்டு அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் பெருஞ்செலவு. ஆகவே முதல் மட்டத்தில் 1 க்வாண்டம், அடுத்ததில் 2, பிறகு 4, 8 என்று ஏற்பாடு செய்தார்கள். 100 க்வாண்டம் தேவைப்படும் ஒரு வேலை 1, 2, 4, 8, 16, 32 என்று ஆறு முறை ஓடினால் 63 தீர்ந்திருக்கும். ஏழாவது முறை கிடைக்கும் 64-இல் மிச்சமுள்ள 37-உம் முடிந்துவிடும். ஒவ்வொரு க்வாண்டத்துக்கும் ஒரு முறை என்றால் 100 தடவை ஏற்றி இறக்க வேண்டியதை 7 தடவையில் முடித்தார்கள். இன்னொரு நுணுக்கமும் அதில் உண்டு. பெரிய புரோகிராம் முதல் மட்டத்தில் நுழையவே முடியாது. அதன் அளவைப் பார்த்து, ஏற்றி இறக்கும் நேரத்துக்கு ஈடாக ஓடும் நேரம் கிடைக்கும் மட்டத்தில்தான் அதை முதலில் வைத்தார்கள்.

லேபில் எழுதப்படும் சிமுலேஷன்களில் இந்தக் காரணம் காணாமல் போய்விடுகிறது. பெரும்பாலும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் செலவு பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். செலவே இல்லை என்றால் க்வாண்டம் எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு நல்லது என்றே சிமுலேஷன் சொல்லும். ரெஸ்பான்ஸ் நேரம் குறைந்துகொண்டே போகும், எங்கும் நஷ்டம் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 1 மில்லிவினாடி என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தால் படம் மாறும். 8 மில்லிவினாடி க்வாண்டத்தில் ஒவ்வொரு 9-க்கும் 1 வீண், அதாவது 11 சதவீதம். 16-இல் அது 6 சதவீதத்துக்குக் கீழே வரும். உண்மையான மெஷினில் இந்தச் செலவு ஒரு மில்லிவினாடியைவிட மிகக் குறைவு. ஆனாலும் இரட்டிப்பின் பயனைக் கண்ணால் பார்க்க மாணவர்களுக்கு அந்த ஒரு வரி அவசியம்.

அடுத்த சிக்கல் ஐ/ஓ. கீபோர்டுக்காகவோ டிஸ்குக்காகவோ காத்திருக்கும் பிராசஸ் தானாகவே சி.பி.யூ.வை விட்டு விலகும். அப்படி விலகுவதை மனிதரோடு உரையாடும் புரோகிராமின் அடையாளமாகக் கொண்டு, க்வாண்டம் தீரும் முன் விட்டுக்கொடுத்தால் அதே வரிசையில் வைத்துக்கொள்வது பழைய விதி. சி.டி.எஸ்.எஸ். காலத்து விதி இன்னும் தாராளம். டெர்மினலில் கேரேஜ் ரிட்டர்ன் விசையை அழுத்தினாலே அந்தப் பயனரின் பிராசஸ் உச்ச வரிசைக்குப் போகும். இதைக் கண்டுபிடித்த ஒருவர், நீண்ட கணக்கை ஓடவிட்டுவிட்டுச் சில வினாடிக்கு ஒரு முறை அந்த விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். தன் வேலை வேகமாக முடிந்ததும் இந்த வித்தையை நண்பர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார் என்று ஆண்ட்ரூ டானென்பாம் தன் பாடநூலில் எழுதியிருக்கிறார்.

இந்த ஓட்டையை லேபிலேயே உருவாக்கிப் பார்க்கலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி டுசோ இருவரும் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் புத்தகத்தோடு `mlfq.py` என்ற சிறிய சிமுலேட்டர் வருகிறது. அதில் வேலைகளை மூன்று எண்களாகக் கொடுக்க வேண்டும்: வரும் நேரம், மொத்த வேலை, எத்தனை மில்லிவினாடிக்கு ஒரு ஐ/ஓ. இரண்டு வேலைகள் கொடுப்போம். இரண்டுக்கும் 90 மில்லிவினாடி வேலை. ஒன்று நேர்மையாக ஓடுவது, மற்றது 9 மில்லிவினாடிக்கு ஒரு முறை ஐ/ஓ கேட்பது. க்வாண்டம் 10, ஐ/ஓ-வுக்கு 1 மில்லிவினாடி.

```
python3 mlfq.py -n 3 -q 10 -i 1 -S -l 0,90,0:0,90,9 -c
```

`-S` என்பது பழைய விதி. ஐ/ஓ கேட்டால் வரிசையும் மாறாது, க்வாண்டமும் புதிதாகும். கையால் கணக்கிட்டாலே விளைவு தெரியும். நேர்மையான வேலை முதல் 10 மில்லிவினாடி ஓடிக் கீழே இறங்குகிறது. பிறகு தந்திர வேலை 9 ஓடுகிறது, 1 மில்லிவினாடி ஐ/ஓ, மறுபடி 9. அந்த ஒரு மில்லிவினாடி இடைவெளியில் மட்டும் நேர்மையான வேலைக்கு சி.பி.யூ. கிடைக்கிறது. 109-இல் தந்திர வேலை முடிந்துவிடும். 10-க்கும் 109-க்கும் இடைப்பட்ட 99 மில்லிவினாடியில் தந்திரத்துக்கு 90, நேர்மைக்கு 9. நேர்மையான வேலை முடியும்போது மணி 180.

இதற்கான திருத்தம் கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. ஒரு வரிசையில் ஒரு பிராசஸ் தின்னும் நேரத்தை மொத்தமாகக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். நடுவில் எத்தனை முறை விட்டுக்கொடுத்தாலும் கூட்டலைப் பூஜ்யமாக்கக் கூடாது. மொத்தம் ஒதுக்கீட்டைத் தொட்டதும் கீழிறக்கம். கட்டளையில் `-S`-ஐ எடுத்துவிட்டால் சிமுலேட்டர் இப்படித்தான் நடக்கும். தந்திர வேலை முதல் முறை 9 ஓடியிருக்கும், ஐ/ஓ முடிந்து திரும்பியதும் 1 மில்லிவினாடிதான் மிச்சம், அதோடு இறங்கிவிடும். முதலில் பார்த்த க-வின் சிக்கலுக்கும் இதே விதிதான் மருந்து. தானாக விலகினாலும் பிறர் வந்து நிறுத்தினாலும் கணக்கு அழியக் கூடாது. சி மொழியில் இதன் மையம் சில வரிகள்தான்:

```c
p->used++;
p->left--;
if (p->left == 0)
    finish(p);
else if (p->used == quantum[p->level]) {
    p->used = 0;
    if (p->level < LAST) p->level++;
    push(&q[p->level], p);
}
```

இதில் `used` பூஜ்யமாவது ஒரே ஓர் இடத்தில், இறங்கும்போது மட்டும். மாணவர்களின் கோடில் ஐ/ஓ பகுதியிலோ நிறுத்தும் பகுதியிலோ இன்னொரு `used = 0` இருந்தால் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. முடிந்ததா என்ற சோதனை முதலில் வருவதும் முக்கியம். சரியாக 8 மில்லிவினாடி வேலை உள்ள பிராசஸ் க்வாண்டம் தீரும் அதே நொடிப்பொழுதில் முடிகிறது. கீழிறக்கச் சோதனை முதலில் வந்தால், செய்ய வேலையே இல்லாத பிராசஸ் ஒன்று இரண்டாம் வரிசையில் போய் உட்காரும்.

கடுமையான கீழிறக்கத்துக்கு ஒரு விலை உண்டு. கீழே போனவர் மேலே வர வழியில்லை. சின்ன வேலைகள் ஓயாமல் வந்தால் கடைசி வரிசை பட்டினி கிடக்கும். இதற்காகக் குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாரையும் உச்ச வரிசைக்குத் தூக்கிவிடுகிறார்கள். எவ்வளவு இடைவெளி? அதே விஸ்கான்சின் புத்தகத்தின் பயிற்சி ஒன்று இதைக் கேட்கிறது: உச்ச வரிசைக்கு க்வாண்டம் 10 மில்லிவினாடி என்றால், நீண்ட வேலைக்குக் குறைந்தது 5 சதவீத சி.பி.யூ. உறுதியாகக் கிடைக்க எத்தனை மில்லிவினாடிக்கு ஒரு முறை தூக்க வேண்டும்? மிக மோசமான நிலையில் ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரே ஒரு 10 மில்லிவினாடிதான் கிடைக்கும். 10 என்பது 5 சதவீதமாக இருக்க வேண்டுமானால் இடைவெளி 200. அதைவிடக் குறைத்தால் நீண்ட வேலைக்கு நல்லது, ஆனால் வரிசைகளின் வித்தியாசம் கரைந்து எல்லாமே ரவுண்ட் ராபினாகிவிடும். தூக்கும்போது `used`-ஐப் பூஜ்யமாக்க மறந்தால், கீழே 9 ஓடிய கணக்கோடு மேலே வந்தவர் 1 மில்லிவினாடியில் திரும்ப இறங்குவார். 5 சதவீதம் என்ற உறுதி காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இந்த எண்களை எப்படித் தேர்வது என்பதற்குப் பொது விதி கிடையாது. பயன்பாட்டுக்கு வந்த சிஸ்டங்கள் அவற்றை அட்டவணையில் போட்டு நிர்வாகியிடம் விட்டன. சோலாரிஸின் டைம் ஷேரிங் வகுப்பு நல்ல சான்று. அதில் 0 முதல் 59 வரை 60 மட்டங்கள், 59 உச்சம். உச்சத்தில் க்வாண்டம் 20 மில்லிவினாடி, அடியில் 200. க்வாண்டம் தீர்ந்தால் ஒரு படி இல்லை, பத்துப் படி விழும். 59-இல் 20 ஓடியவர் 49-க்குப் போவார், அங்கே 40, பிறகு 39-இல் 80, 29-இல் 120, 19-இல் 160, 9-இல் 200, அதோடு 0. மொத்தம் 620 மில்லிவினாடியில் ஒரு தின்னிப் பிராசஸ் உச்சியிலிருந்து அடிக்கு வந்துவிடும். தூங்கி எழுபவர் 50-க்கோ அதற்கு மேலோ ஏற்றப்படுவார். காத்துக் கிடப்பவர்களை ஏறக்குறைய ஒரு வினாடிக்கு ஒரு முறை தூக்கிவிடுவார்கள். `dispadmin -c TS -g` என்ற கட்டளை இந்த அட்டவணை முழுவதையும் திரையில் காட்டும்.

விண்டோஸ் 32 முன்னுரிமை மட்டங்கள் கொண்டது. அங்கேயும் சுமார் 4 வினாடி சி.பி.யூ. கிடைக்காமல் காத்திருக்கும் த்ரெட்டைத் தற்காலிகமாகத் தூக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸ் வேறு வழியில் போய்விட்டது. 2007-இல் சி.எஃப்.எஸ்., 2023-இல் வந்த 6.6 கெர்னலில் அதற்குப் பதிலாக ஈ.ஈ.வி.டி.எஃப். இரண்டும் வரிசை மாற்றுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிராசஸும் தின்ற நேரத்தைத் தொடர்ந்து எழுதிவைப்பதையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே லேபில் உள்ள லினக்ஸ் மெஷினில் இந்த வரிசைகளைத் தேடினால் கிடைக்காது, சிமுலேஷனில்தான் பார்க்க முடியும்.

மட்ட எண்ணும் ஒரு பொறி. சோலாரிஸில் பெரிய எண் உச்சம். `mlfq.py`-யிலும் அப்படியே, மூன்று வரிசை என்றால் 2-தான் உச்சம். சி.டி.எஸ்.எஸ். கட்டுரையில் 0 உச்சம், மேலே கொடுத்த கோடிலும் அப்படித்தான். ஓர் இடத்திலிருந்து எடுத்த அவுட்புட்டை இன்னொன்றோடு ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் கோடைத் தலைகீழாக மாற்றிவிடுபவர்கள் உண்டு.

அவுட்புட் நம்பத்தக்கதா என்று பார்க்கச் சராசரி உதவாது. கான்ட் சார்ட்டைத்தான் பார்க்க வேண்டும். எல்லா வேலைகளையும் சும்மா இருந்த நேரத்தையும் கூட்டினால் கடைசி நேரம் வரவேண்டும். மேலே பார்த்த கணக்கில் 30, 6, 20, 4 கூடி 60. அடுத்து, கீழ் வரிசை ஓடிய ஒவ்வொரு துண்டிலும் மேல் வரிசை காலியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, ஒரு பிராசஸ் ஒரு வரிசையில் ஓடிய துண்டுகளைக் கூட்டினால், அடுத்த தூக்கல் வரும்வரை, அந்த வரிசையின் ஒதுக்கீட்டைத் தாண்டக் கூடாது. கடைசி வரிசைக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. க-வுக்கு முழு 16-ஐப் புதிதாகக் கொடுத்த கோடு இதில்தான் மாட்டும். இரண்டாம் வரிசையில் அது 8-உம் 14-உம் சேர்த்து 22 ஓடியிருக்கும்.

ஒரே கணத்தில் இரண்டு நிகழ்ச்சி நடந்தால் எது முதலில் என்பதும் எழுதப்பட வேண்டிய விதி. க்வாண்டம் தீர்ந்தவரும் ஐ/ஓ முடித்துத் திரும்பியவரும் ஒரே நேரத்தில் ஒரே வரிசைக்கு வந்தால் யார் முன்னால் நிற்பது? எதைத் தேர்ந்தாலும் தவறில்லை, தேர்ந்ததை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பின்பற்ற வேண்டும்.

ஆகவே லேப் கேள்வி எழுதுபவர்கள் வரிசைகளின் எண்ணிக்கையையும் க்வாண்டத்தையும் மட்டும் கொடுத்துவிட்டு ஒரு சராசரியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிறுத்தப்பட்டவர் எங்கே நிற்பார், அவருடைய கணக்கு தொடருமா, ஐ/ஓ-வுக்குப் பிறகு என்ன, எத்தனை மில்லிவினாடிக்கு ஒரு முறை தூக்கல், ஒரே கணத்தில் வருபவர்களில் யார் முதலில் ஆகிய ஐந்தையும் கேள்வியிலேயே அச்சிட வேண்டும். அச்சிடப்படாத கேள்வி கைக்கு வந்தால், மாணவர்கள் கோடு எழுதும் முன் இந்த ஐந்துக்கும் தங்கள் விடையை ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கட்டும். வைவாவில் 28, 28.5, 30 ஆகிய மூன்றில் எது வந்தாலும், மதிப்பெண் அந்தப் பக்கத்தைப் பார்த்து விழ வேண்டும்.